நாமினி கட்டம் இல்லாத எஃப்டி

"ஐயா, எனக்கு வயது 61. சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். போன வருடம் கணவர் தவறிவிட்டார். அவருடைய காப்பீட்டில் நாமினியாக என் பெயர் இருந்ததால் 60,000 வெள்ளி சிக்கல் இல்லாமல் கைக்கு வந்தது. அதை ஆன்லைனில் எஃப்டி போடலாம் என்று மகள் என் ஃபோனில் திறந்து காட்டினாள். தவணை முடிந்ததும் என்ன செய்வது என்று மூன்று விதமாகக் கேட்கிறது. வட்டி மாதாமாதம் வேண்டுமா, கடைசியில் வேண்டுமா என்றும் கேட்கிறது. நாமினி எழுத மட்டும் இடமே இல்லை. என்னையும் என் அம்மாவையும் பார்த்துக்கொள்வது மகள்தான். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். எனக்குப் பிறகு இந்தப் பணம் மகளுக்குப் போக வேண்டும். நான் எதை அமுக்குவது?"

வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள அம்மா,

நாமினி கட்டத்தை உங்கள் மகள் தவறவிடவில்லை. அந்தத் திரையில் அது இல்லை. நம் மலேசியாவில் பெரும்பாலான வணிக வங்கிகளின் எஃப்டியில் அப்படி ஒரு பெயரை எழுதும் வழக்கமே கிடையாது. தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு "நாமினியை எங்கே போடுவது?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அங்கே வங்கிச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. அங்கேயும் நாமினி என்பவர் பணத்தை வங்கியிலிருந்து வாங்கிக்கொள்ளும் ஆள்தானே தவிர, அதனாலேயே அவர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை.

உங்கள் கணவரின் காப்பீடு வேறு கணக்கு. முஸ்லிம் அல்லாத ஒருவர் தன் காப்பீட்டில் மனைவியையோ பிள்ளையையோ நாமினியாக எழுதினால், அந்தப் பணம் அவருக்கான அறக்கட்டளைப் பணமாகவே நிற்கும் என்று 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் சொல்கிறது. அது இறந்தவரின் சொத்துப் பட்டியலில் சேராது. அதனால்தான் யாரிடமும் கையெழுத்துக்கு அலையாமல் பணம் உங்களிடம் வந்தது. அதே பணம் உங்கள் பெயரில் எஃப்டியாக மாறியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. இனி அது உங்கள் சொத்து. நீங்கள் உயில் எழுதாமல் போனால் யாருக்கு எவ்வளவு என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்கும்.

உங்கள் வீட்டுக்கே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தீபகற்பத்தில் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பொருந்தும். கணவர் இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்றால், மூன்றில் ஒரு பங்கு பெற்றவருக்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. அதாவது இன்றைய நிலையில் 60,000 வெள்ளியில் உங்கள் அம்மாவுக்கு 20,000, மகளுக்கு 20,000, மகனுக்கு 20,000. யார் பார்த்துக்கொண்டார்கள், யார் மருந்து வாங்கினார்கள் என்பதைச் சட்டம் கேட்காது. வயதான உங்கள் அம்மா பெயரில் ஒரு பங்கு விழுந்தால், அதற்கும் பத்திரங்கள், அதற்கும் கையெழுத்துகள் என்று மகளுக்கு வேலை இரட்டிப்பாகும்.

இதை மாற்ற உங்களுக்கு உள்ள நேரான வழி உயில். வெள்ளைத்தாளில் எழுதினாலும் உயில் உயில்தான். ஆனால் நீங்கள் கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து பார்க்க வேண்டும், அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இங்கேதான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களையே சாட்சி போட வைத்துவிடுவார்கள். பணம் பெறப்போகும் மகளோ மகளின் கணவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் நிற்கும், ஆனால் மகளுக்கு எழுதிய பங்கு செல்லாது. அதனால் பக்கத்து வீட்டார் இருவர், அல்லது கோயில் கமிட்டியில் தெரிந்த இருவர் போதும். எஃப்டி எண்ணை உயிலில் எழுதத் தேவையில்லை, அது புதுப்பிக்கும்போது மாறலாம். "என் பெயரில் எந்த வங்கியில் உள்ள வைப்புத்தொகையும்" என்று எழுதினால் போதும். மகளையே நிறைவேற்றுபவராகவும் நியமியுங்கள். வீடோ நிலமோ உங்கள் பெயரில் இருந்தால் மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மகளோடு கூட்டுக் கணக்காகப் போட்டால் என்ன என்று அடுத்துத் தோன்றும். பல வங்கிகளில் கூட்டுப் பெயரில் எஃப்டி திறக்க இருவரும் அடையாள அட்டையோடு கிளைக்குப் போக வேண்டும், ஆன்லைனில் ஒற்றைப் பெயர்தான். கூட்டுக் கணக்கில் ஒருவர் இறந்தால் மற்றவருக்குக் கொடுப்போம் என்று பெரும்பாலான வங்கிகளின் விதிமுறையில் இருக்கும். அந்த வரியைக் கண்ணால் பார்த்த பிறகே நம்புங்கள். ஒருவர் கையெழுத்தே போதும் என்று வைத்தால், இன்றே உங்கள் மகள் முழுத் தொகையையும் எடுக்கலாம் என்பதும் அதில் அடங்கும். உங்கள் மகளை நான் சந்தேகிக்கவில்லை. அவருக்கு ஒரு கடன் வழக்கு வந்தால், ஒரு மணமுறிவு வந்தால் இந்தப் பணமும் பேச்சில் அடிபடும், அதைத்தான் நினைக்கிறேன். "அம்மா, என் பெயரிலேயே போட்டுவிடுகிறேன், சுலபம்" என்று மகள் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது அவருடைய பணமாகிவிடும், உங்கள் மருத்துவச் செலவுக்கே நீங்கள் கேட்டு வாங்க வேண்டிவரும்.

ஆக, என் கருத்து: எஃப்டி உங்கள் ஒற்றைப் பெயரில், உயில் தனியாக. இனி ஃபோனுக்கு வருவோம்.

60,000 வெள்ளியையும் ஒரே எஃப்டியாகப் போடாதீர்கள். இதற்கு இரண்டு காரணம். காப்பீட்டுப் பணம் இப்போது ஒரு வங்கியின் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது, நல்ல வட்டிச் சலுகை வேறு வங்கியில் என்றால், அந்த வங்கி "வெளியிலிருந்து வரும் புதுப் பணம்" என்று நிபந்தனை போடும். அதைப் பெரும்பாலும் FPX என்ற இணையப் பணமாற்ற வழியில்தான் இழுக்க வேண்டும். அதில் ஒரு முறைக்கு 30,000 வெள்ளிதான் உச்சம். எனவே இயல்பாகவே இரண்டு முறை போடுவீர்கள், இரண்டு எஃப்டி எண் கிடைக்கும். அதற்கு முன் பணம் கிடக்கும் வங்கியில் உங்கள் தினசரி உச்சவரம்பு எவ்வளவு என்று பாருங்கள். 5,000 என்று வைத்திருந்தால் FPX திரையில் வந்து நின்றுவிடும். உயர்த்த வேண்டுமானால் முதல் நாளே உயர்த்துங்கள், வேலை முடிந்ததும் மறுபடி இறக்கிவிடுங்கள். இது ஒரு காரணம்.

இரண்டாவது காரணம்தான் பெரிது. 2019 ஜனவரி 1 முதல் போடப்பட்ட எஃப்டியைத் தவணை முடியும் முன் எடுத்தால் வட்டி கிடையாது. பாதி வட்டி தருவார்கள் என்பது பழைய பேச்சு. பதினொன்றாவது மாதத்தில் உடைத்தாலும் ஒரு காசு வட்டி இல்லை. 60,000ஐயும் ஒரே எஃப்டியாகப் போட்டுவிட்டு, திடீரென்று ஈப்போ மருத்துவமனைக்கு 8,000 வெள்ளி கட்ட வேண்டி வந்தால், பகுதியாக எடுக்க வங்கி விடாவிட்டால் முழுதையும் உடைத்து முழு வட்டியையும் இழப்பீர்கள். இரண்டாக இருந்தால் ஒன்றுதான் போகும். என்னிடம் கேட்டால் ஒரு 5,000 வெள்ளியை எஃப்டியே போடாமல் சேமிப்புக் கணக்கில் வையுங்கள் என்பேன். அப்படியானால் ஒன்று 30,000, இன்னொன்று 25,000. கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கீழே இரண்டையும் 30,000 என்றே வைத்துச் சொல்கிறேன். வட்டி விகிதங்களும் உதாரணத்துக்குத்தான், உங்கள் வங்கியின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று விதமாகக் கேட்கிறது என்றீர்களே, அதுதான் Maturity Instruction. தவணை முடியும் நாளில் வங்கி என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் இன்றே கொடுக்கும் உத்தரவு. சொற்கள் வங்கிக்கு வங்கி மாறினாலும் விஷயம் மூன்றுதான். அசலும் வட்டியும் சேர்ந்து மறுபடி எஃப்டியாகும். அல்லது அசல் மட்டும் புதுப்பிக்கப்பட்டு வட்டி சேமிப்புக் கணக்குக்கு வரும். அல்லது எல்லாமே சேமிப்புக் கணக்குக்கு வந்து எஃப்டி முடிந்துவிடும். எதையும் மாற்றாமல் அமுக்கிக்கொண்டே போனால் பெரும்பாலும் முதலாவதே தேர்ந்திருக்கும்.

அதில் என்ன கெட்டது என்று தோன்றும். சலுகை வட்டியில்தான் கெடுதல். 6 மாதத்துக்கு 3.40 சதவீதம் என்று விளம்பரம் பார்த்து 30,000 போடுகிறீர்கள். 6 மாதத்தில் ஏறத்தாழ 510 வெள்ளி. முதிர்வு நாளில் வங்கி அதைத் தானாகவே இன்னொரு 6 மாதத்துக்குப் புதுப்பிக்கிறது. ஆனால் சலுகை ஒரு முறைக்கு மட்டும். புதுப்பிக்கும்போது வங்கியின் சாதாரண விகிதம்தான், அது 2.10 என்று வையுங்கள். அடுத்த 6 மாதத்தில் ஏறத்தாழ 320 வெள்ளிதான் வரும். நாலாவது மாதத்தில் இதைக் கவனித்து "வேறு வங்கியில் போடலாம்" என்று எடுக்கப்போனால் அந்த நாலு மாத வட்டியும் இல்லை. குறைந்த வட்டியில் மாட்டிக்கொண்டு, வெளியேறினால் அதுவும் இல்லை என்ற நிலை. வங்கி முகப்பிடத்தில் வேலை பார்த்த நாட்களில் நான் கேட்ட வருத்தங்களில் பாதி இதுதான். யாரும் ஏமாற்றவில்லை, ஆறு மாதத்துக்கு முன் அமுக்கிய ஒரு கட்டம்தான் செய்திருக்கிறது.

எனவே சலுகை வட்டியில் போடும் எஃப்டிக்கு மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். முதிர்வு நாளில் எல்லாம் உங்கள் சேமிப்புக் கணக்கில் வந்து விழட்டும், அன்று எங்கே நல்ல விகிதம் என்று பார்த்து மறுபடி போடுங்கள். ஆனால் பெரிய தொகை சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தால் வட்டி மிகக் குறைவு. அதைவிட மோசம், யாராவது வங்கி அதிகாரி போலப் பேசி உங்கள் ஃபோனில் ஒப்புதல் வாங்கிவிட்டால் முதலில் காலியாவது அந்தக் கணக்குதான். அதனால் முதிர்வுத் தேதியை நாட்காட்டியில் வட்டம் போடுங்கள், மகளின் ஃபோனிலும் நினைவூட்டல் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு மேல் அங்கே விடாதீர்கள். அப்படி ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது எஃப்டி உங்கள் மாதச் செலவுக்கு. இதற்கு 12 மாதத் தவணை வைத்து, அசல் புதுப்பிக்கப்படட்டும், வட்டி சேமிப்புக் கணக்குக்கு வரட்டும் என்று கொடுங்கள். வட்டி மாதாமாதமா என்ற கேள்வி இங்கேதான் பொருள்படும். 30,000க்கு 2.40 சதவீதம் என்றால் வருடத்துக்கு 720 வெள்ளி. மாதம் வாங்கினால் 60 வெள்ளி. பல வங்கிகள் மாத வட்டியை 12 மாதமோ அதற்கு மேலோ உள்ள தவணைக்குத்தான் தருகின்றன, சலுகை எஃப்டிகளில் பெரும்பாலும் கடைசியில்தான். அந்தக் கட்டமே திரையில் வரவில்லை என்றால் தவணையை மாற்றிப் பாருங்கள், வந்துவிடலாம்.

மாதம் 60 வெள்ளி மின்சாரக் கட்டணத்துக்கோ உங்கள் அம்மாவின் மருந்துக்கோ உதவும் என்றால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. எட்டு மாதம் வட்டி வாங்கிவிட்டு ஒன்பதாவது மாதத்தில் உடைத்தால், வாங்கிய 480 வெள்ளியை வங்கி அசலிலிருந்து பிடித்துக்கொள்ளும். உங்கள் கைக்கு 29,520 வரும். கிளையில் இதைப் பார்த்து "என் அசலையே குறைத்துவிட்டார்கள்" என்று அழுதவர்கள் உண்டு. முன்கூட்டி எடுத்தால் வட்டி இல்லை என்ற அதே விதிதான் இது, ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்ப வாங்குவதால் அசல் குறைந்தது போலத் தெரிகிறது.

மாதச் செலவுக்கு இந்த 60 வெள்ளி தேவையே இல்லை என்றால் வட்டியைச் சேர்த்தே புதுப்பிக்கலாம். அதனால் வரும் லாபத்தையும் சொல்லிவிடுகிறேன்: முதல் வருடம் 720, இரண்டாம் வருடம் 30,720க்கு ஏறத்தாழ 737. வித்தியாசம் 17 வெள்ளி. அந்தப் பதினேழு வெள்ளிக்காக மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். வட்டி வந்து விழும் கணக்கு மட்டும் உங்கள் பெயரில், நீங்கள் அவ்வப்போது பயன்படுத்தும் கணக்காக இருக்கட்டும்.

வரி பற்றிக் கவலை வேண்டாம். உரிமம் பெற்ற வங்கியில் தனிநபர் பெறும் எஃப்டி வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை, 2008 ஆகஸ்ட் 30 முதல் அப்படித்தான். வங்கி திவாலானால் என்ன என்ற பயத்துக்கு, வைப்புத்தொகையைக் காக்கும் அரசு அமைப்பான பிஐடிஎம்மின் காப்பீடு இருக்கிறது. உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை. கூட்டுறவுச் சங்கத்தில் போடும் வைப்பு அதில் சேராது. தோட்டப்புறத்தில் நமக்குக் கூட்டுறவின் மேல் பாசம் அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கடைசித் திரையில், உறுதி செய்யும் பொத்தானுக்கு முன், மகளை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி நீங்களே வாய்விட்டுப் படியுங்கள்: தொகை, தவணை, வட்டி விகிதம், முதிர்வுத் தேதி, முதிர்வு உத்தரவு, வட்டி போகும் கணக்கு எண். சலுகை விகிதம் அங்கே தெரியாமல் சாதாரண விகிதம் தெரிந்தால் திரும்பிப் போங்கள். பல வங்கிகளில் சலுகைக்கு வேறு பெயரில் தனித் தேர்வு இருக்கும், வழக்கமான எஃப்டியைத் தொட்டிருப்பீர்கள். முதிர்வு உத்தரவைப் பின்னால் மாற்றலாம், ஆனால் முதிர்வு நாளுக்கு முன்பே மாற்ற வேண்டும். அன்று காலை மாற்றலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆன்லைன் எஃப்டிக்குப் பழைய காலத்துச் சான்றிதழ் தாள் வராது. நான் கிளையில் இருந்தபோது ஒரு அம்மா தன் கணவரின் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஃபோனின் ரகசிய எண் யாருக்கும் தெரியாது. எந்த வங்கியில் எவ்வளவு போட்டார் என்பதும் தெரியாது. "ஏதோ ஒரு வங்கியில் போட்டிருக்கிறேன் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்" என்பது மட்டும்தான் அவரிடம் இருந்தது. எங்கள் கிளையில் இல்லை. அடுத்த வங்கி, அதற்கடுத்த வங்கி என்று இறப்புச் சான்றிதழின் நகலைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்தார். தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் எஃப்டி யாரையும் கூப்பிட்டு "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லாது. நெடுங்காலம் யாரும் தொடாத பணம் கடைசியில் கோரப்படாத பணமாக அரசாங்கத்திடம் போய்ச் சேரும், அங்கிருந்து மீட்க eGUMIS தளத்தில் விண்ணப்பித்துப் பத்திரங்களைக் காட்ட வேண்டும்.

அதனால் உறுதிச் சீட்டைப் பதிவிறக்கி, பக்கத்துக் கடையில் அச்செடுத்து, உயிலோடு ஒரே உறையில் வையுங்கள். வங்கியின் பெயர், இரண்டு எஃப்டி எண்கள், முதிர்வுத் தேதிகள், இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி மகளுக்குக் காட்டுங்கள். கடவுச்சொல்லை மட்டும் எழுதாதீர்கள், சொல்லவும் வேண்டாம். உங்களுக்குப் பிறகு அவருக்கு அது தேவைப்படாது. உயிலை வைத்து நீதிமன்றத்தில் நிறைவேற்றும் உரிமை வாங்கி, அந்தத் தாளை வங்கியில் காட்டித்தான் அவர் பணம் பெற வேண்டும். உங்கள் ஃபோனில் புகுந்து எடுத்தால், உங்கள் விருப்பப்படியே எடுத்தாலும், அண்ணன் தம்பி கேள்வி கேட்கும் நாளில் பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

மகனிடமும் இந்த ஏற்பாட்டை நீங்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அம்மா. தீபாவளிக்கு வரும்போது சொன்னால் போதும்.